பவுண்ட் ரேட் படத்தைப் பாத்து ஃபீஸ் அனுப்ப நாள் குறிக்கலாமா?

கேள்வி: சார், நான் குலசேகரத்துல ரிட்டயர்டு டீச்சர். எனக்க மவன் இங்கிலாந்துல எம்.எஸ்சி. படிக்குதான். ரெண்டாவது தவணை 6,400 பவுண்ட், இந்த மாசம் 30-க்குள்ள கட்டணும். பவுண்ட் ரேட்டுக்க ஆறு மாசப் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினான், அதை உங்களுக்கும் இதோட வச்சிருக்கேன். உச்சிக்குப் போயிட்டு இப்போ செங்குத்தா இறங்குது, அடிக்கோடு வரைக்கும் வரட்டும்னு காத்திருக்கலாமா? பக்கத்து வீட்டு சவுதிக்காரரு ரேட் ஏறும்போதுதான் அனுப்பணும்னு சொல்லுதாரு. எப்போ அனுப்பட்டும்?

பதில்:

டீச்சர், மொதல்ல அந்த அடிக்கோட்டை மனசுல இருந்து எடுத்துருங்க. அது பவுண்ட் வந்து நிக்கப் போற தரை இல்ல, படம் வரைஞ்ச ஆப் தனக்கு வசதியா போட்டுக்கிட்ட ஓரம், அவ்வளவுதான். ஆறு மாசத்துல மிகக் கொறஞ்ச ரேட் எதுவோ அதை ஒட்டி கீழ ஒரு கோடு, மிகக் கூடின ரேட்டை ஒட்டி மேல ஒரு கோடு, நடுவுல உள்ளதை ஸ்க்ரீன் நெறைய இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு. உங்க படத்துல கீழ 112, மேல 118-க்குப் பக்கம். இதையே மவன் ஒரு மாசப் படமா எடுத்து அனுப்பியிருந்தா அடிக்கோடு 116-க்கு வந்திருக்கும், அஞ்சு வருஷப் படமா எடுத்திருந்தா 87 பக்கத்துக்கு இறங்கியிருக்கும். படம் எடுக்கும்போது எந்த பட்டனை அமுக்கினானோ அதுக்கு ஏத்தாப்ல மாறுத கோட்டை நம்பி ஏழரை லட்சத்தை நிறுத்தி வைக்கப்பிடாது.

செங்குத்தா தெரியுததும் அதே இழுப்புதான். கோட்டுக்க கடைசியில உள்ள எறக்கத்தை நான் அளந்து பாத்தேன், 118.30-ல இருந்து 117-க்கு வந்திருக்கு, ஒரு ரூபா முப்பது பைசா, நூத்துக்கு ஒண்ணு சொச்சம். பூஜ்யத்துல இருந்து வரைஞ்ச படமா இருந்தா அந்த எறக்கத்தை கண்ணாடி போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. அடிக்கோட்டைத் தொடணும்னா இன்னும் அஞ்சு ரூபா இறங்கணும், அதாவது ஆறு மாசமா மெல்ல மெல்ல ஏறினது முழுக்க ரெண்டு வாரத்துல கரையணும். அப்படி நடந்த நாளு உண்டு, 2016 ஜூன்ல இங்கிலாந்து ஐரோப்பிய யூனியனை விட்டுப் போறதா ஓட்டுப் போட்ட மறுநாளு 100 ரூபா பக்கத்துல நின்ன பவுண்ட் ஆறேழு ரூபா ஒரே நாள்ல விழுந்துச்சு, ஆனா அதை முந்தின வாரத்துப் படத்தைப் பாத்து யாரும் சொல்லல, சொல்லவும் முடியாது.

சவுதிக்கார அண்ணன் சொன்னது தப்பு இல்ல, அவருக்கு. அவரு ரியாலைக் கொடுத்து ரூபா வாங்குதாரு, நீங்க ரூபாயைக் கொடுத்து பவுண்ட் வாங்குதீங்க. அவருக்கு கோடு மேல போனா லாபம், உங்களுக்கு கீழ வந்தா லாபம். நம்ம மாவட்டத்துல குளச்சல், தக்கலை, தேங்காப்பட்டணம்னு எங்க பாத்தாலும் கல்ஃப் காசு வர்ற வீடுதான், அதனால 'ரேட் ஏறினா நல்லது'ங்கிறது எல்லாருக்கும் ஊறிப் போன பேச்சு. காசு வெளிய போற வீடுகளுக்கு அது அப்படியே திரும்பும். இன்னொரு வித்தியாசமும் உண்டு, சவுதி ரியால் 1986-ல இருந்தே ஒரு டாலருக்கு 3.75-னு கட்டி வச்ச கரன்சி, அதனால அவரு பாக்குத ரேட் உள்ளபடி டாலர்-ரூபா ரேட்தான். உங்க பவுண்ட் அப்படிக் கட்டினது இல்ல. அதைப் பெறவு சொல்லுதேன்.

இன்னொண்ணையும் கட்டாயம் பாக்கணும். சில ஆப்ல 'ஒரு பவுண்ட் எத்தனை ரூபா'னு வரும், சிலதுல 'ஒரு ரூபா எத்தனை பவுண்ட்'னு தலைகீழா வரும். ஓரத்துல 117-னு நம்பர் இருந்தா கோடு இறங்குறது உங்களுக்கு நல்லது, 0.0085 மாதிரி நம்பர் இருந்தா ஏறுறதுதான் நல்லது. உங்க மவன் அனுப்பினது 117 உள்ளது, அதனால நேர் படம். அடுத்த தடவை வேற ஆப்ல இருந்து அனுப்பினா கோட்டைப் பாக்கதுக்கு முன்னாடி நம்பரைப் பாருங்க.

இனி அந்த 117 யாருக்க ரேட்? இதை உங்களுக்கு விளக்க எனக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம், குலசேகரத்துக்காரங்களுக்கு தெரிஞ்ச விஷயம். பேப்பர்ல ஆர்.எஸ்.எஸ். 4 ரப்பர் ஷீட்டுக்கு கோட்டயம் வெல போடுவான், நாம ஷீட்டை கட்டி வண்டியில ஏத்தி கடைக்குக் கொண்டு போனா கடைக்காரன் அந்த வெலையா தருவான்? கிலோவுக்கு இத்தனை ரூபா கொறச்சுதான் தருவான். படத்துல உள்ள 117 கோட்டயம் வெல மாதிரி. பெரிய பேங்குக தங்களுக்குள்ள வாங்குத வெலைக்கும் விக்குத வெலைக்கும் நடு. உங்களுக்கு கிடைக்கிறது பேங்க் போர்டுல `TT Selling`-னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அது. அதே போர்டுல `TT Buying`, கரன்சி நோட்டுக்கு தனி ரேட்னு நாலஞ்சு கட்டம் இருக்கும், நெறைய பேரு தப்பான கட்டத்தைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயி கணக்குப் போட்டு சந்தோஷப்பட்டுருவாங்க. நம்ம ரூபாயை வாங்கிட்டு பேங்க் நமக்கு பவுண்டை விக்குது, அதனால செல்லிங் கட்டம்தான் நமக்கு. ஸ்க்ரீன்ஷாட்டை கவுண்டர்ல காட்டி 'இந்த ரேட் போடுங்க'ன்னு கேட்டவங்களை நான் பேங்க்ல இருந்த காலத்துல தினமும் பாத்திருக்கேன், அவங்க ஏமாந்த முகத்தோட நிப்பாங்க, எனக்கும் கஷ்டமா இருக்கும், ஆனா அந்த ரேட்டை எந்தக் கவுண்டராலயும் தர முடியாது.

சரி, அப்போ ஸ்க்ரீன்ஷாட்டால ஒரு பிரயோஜனமும் இல்லையான்னா, உண்டு. நாளைக்கு ஏறுமா இறங்குமான்னு அது சொல்லாது. ரெண்டு வாரத்துல எவ்வளவு ஆடும்னு சொல்லும். உங்களுக்கு இருக்குதது ரெண்டு வாரம் சொச்சம், அதனால உங்களுக்கு வேண்டிய ஒரே விவரம் அதுதான்.

எப்படி எடுக்கணும்னா, படத்தை ஒரு தாள்ல பெருசா பிரிண்ட் எடுத்துக்குங்க, மொபைல்லயே பண்ணணும்னா பெருசாக்கி ஸ்க்ரீன் மேல ஸ்கேல் வச்சும் பாக்கலாம். ஓரத்துல நம்பர் போட்ட ரெண்டு கோட்டுக்கு நடுவுல உள்ள இடைவெளியை அளங்க. நான் எடுத்த பிரிண்ட்ல 116-க்கும் 118-க்கும் நடுவுல 24 மில்லிமீட்டர். ரெண்டு ரூபாய்க்கு 24 மில்லிமீட்டர்னா ஒரு ரூபாய்க்கு 12. கோட்டுக்க கடைசி முனை 116-க்கு மேல 12 மில்லிமீட்டர் உயரத்துல இருக்கு, அப்போ 117. ஸ்கூல்ல பிள்ளைகளுக்கு கிராஃப் ஷீட்டுல நீங்க சொல்லிக் கொடுத்த அதே வேலைதான் டீச்சர். கோட்டுக்க தடிமனே ஒரு மில்லிமீட்டர் வரும், வாட்ஸ்அப்ல வந்ததால ஓரம் மங்கியும் இருக்கு, அதனால நாம வாசிக்கிற எந்த நம்பரும் பத்து பைசா இப்படி அப்படி இருக்கும். 6,400 பவுண்டுக்கு பத்து பைசான்னா 640 ரூபா, இந்த வேலைக்கு அந்தத் துல்லியம் போதும். அதுக்கும் மேல துல்லியமா வேணும்னா படத்தை விட்டுட்டு நம்பருக்கே போயிரணும், வேலை நாள்ல மத்தியானம் ஒண்ணரை மணி வாக்குல எஃப்பிஐஎல்-னு மார்க்கெட் ரேட் வெளியிடுத அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க டாலர், யூரோ, பவுண்ட், யென் நாலுக்கும் ரெஃபரன்ஸ் ரேட் போடுவாங்க, அவங்க வெப்சைட்ல பழைய தேதி ரேட்டும் கிடைக்கும்.

கடைசி முனை விஷயத்துல ஒரு எச்சரிக்கை. மவன் படம் எடுத்தது ஞாயித்துக்கிழமை ராத்திரி, மேல மூலையில கிழமை தெரியுது. சனி ஞாயிறு மார்க்கெட் கிடையாது, அதனால கடைசி முனை வெள்ளிக்கிழமை ராத்திரி முடிஞ்ச ரேட். திங்கக்கிழமை காலையில பேங்க் போர்டு அதுல இருந்துதான் தொடங்கும்னு ஒரு சட்டமும் இல்ல.

இனி அளவு. உங்க படத்துல ஆறு மாசத்தையும் ரெண்டு ரெண்டு வாரமா பிரிச்சு பதிமூணு இடத்துல வாசிச்சேன். இதுதான் வந்தது: 112.4, 113.1, 112.0, 113.6, 114.9, 114.2, 115.8, 115.1, 116.7, 115.9, 117.2, 118.3, 117.0. ஒவ்வொண்ணுக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தா பன்னிரண்டு ஆட்டம் வரும். ஏழு தடவை ஏறியிருக்கு, அஞ்சு தடவை இறங்கியிருக்கு. ஏத்தமோ எறக்கமோ பாக்காம அளவை மட்டும் கூட்டினா 13 ரூபா 80 பைசா, பன்னிரண்டால வகுத்தா ஒரு ரூபா பதினஞ்சு பைசா. மிகப் பெரிய ஆட்டம் ஒரு ரூபா அறுபது பைசா, அதுவும் மூணு தடவையும் மேல போன ஆட்டம்தான்.

உங்க தொகைக்கு இதைப் பெருக்குங்க. 6,400 பவுண்டை ஒரு ரூபா பதினஞ்சு பைசாவால பெருக்கினா 7,360 ரூபா. ரெண்டு வாரம் காத்திருந்தா சாதாரணமா நீங்க ஆடுத ஆட்டம் இதுதான், 7,360 மிச்சமும் ஆகலாம், 7,360 கூடவும் ஆகலாம். மோசமான ரெண்டு வாரமா அமைஞ்சா 10,240. எந்தப் பக்கம்னு படத்துல எழுதியில்ல. ஏழுக்கு அஞ்சுன்னு ஏத்தம் கொஞ்சம் கூட இருக்கேன்னு பாக்காதீங்க, பன்னிரண்டு தடவை நாணயம் சுண்டினாலும் ஏழும் அஞ்சும் தாராளமா வரும். 'ரெண்டு தடவை ஏறிச்சு, இப்போ ஒரு தடவை இறங்கிச்சு, இன்னும் இறங்கும்'னு மனசு கதை கட்டும், உங்க படத்துலயே பாருங்க, ஒரு தடவை இறங்கின பெறவு அடுத்த ரெண்டு வாரமும் இறங்கினது ஒரு தடவை கூட கிடையாது, ஒவ்வொரு எறக்கத்துக்குப் பெறவும் ஏறித்தான் இருக்கு. இதை வச்சு 'இப்போ ஏறும்'னும் நான் சொல்ல மாட்டேன், நாலு தடவை நடந்தது ஆதாரம் ஆவாது. ஆனா 'இறங்குது, காத்திருப்போம்'ங்கிறதுக்கு உங்க படம் சாட்சி சொல்லல, அது மட்டும் உறுதி.

இப்போ அந்த 7,360-ஐ கையில வச்சுக்கிட்டு பேங்க் பக்கம் வாங்க. நடு ரேட் 117-னா 6,400 பவுண்டுக்கு 7,48,800 ரூபா. ஒரு பேங்க் 119.60 சொல்லுதுன்னு வைப்போம், 7,65,440 ஆவும். இன்னொரு பேங்கோ, ரிசர்வ் பேங்க் அனுமதி உள்ள ஒரு பணப் பரிமாற்ற நிறுவனமோ 118.20-க்கு தருதுன்னா 7,56,480. வித்தியாசம் 8,960 ரூபா. ரெண்டு வாரம் உறக்கம் கெட்டு காத்திருந்து கிடைக்குமா கிடைக்காதான்னு தெரியாத 7,360-ஐ விட, ஒரே காலையில மூணு போன் பண்ணி கையில வாங்குத 8,960 பெருசு, அதுல எந்த சூதும் கிடையாது. நடு ரேட்டுக்கு மேல நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு, சில இடத்துல அதுக்கு மேலயும் வைப்பாங்க, 'ஸீரோ கமிஷன்'னு போர்டு வச்ச எடத்துலயும் ரேட்டுக்குள்ள அது இருக்கும். இதுக்குத்தான் மவன்கிட்ட படம் கேக்கதுக்குப் பதிலா பேங்க்ல ரேட் கேளுங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்லுதேன்.

கேக்கும்போது மூணு எடத்துலயும் ஒரே நாள், கூடியவரை ஒரே மணி நேரத்துல கேளுங்க, ஒரு எடத்துல திங்கக்கிழமை கேட்டு இன்னொரு எடத்துல புதன்கிழமை கேட்டா நீங்க பேங்குகளை ஒப்பிடல, நாளை ஒப்பிடுதீங்க. 'பவுண்ட் என்ன ரேட்'னு மட்டும் கேக்காம, '6,400 பவுண்ட் யுனிவர்சிட்டி அக்கவுண்ட்ல முழுசா போய்ச் சேரணும், எனக்க அக்கவுண்ட்ல இருந்து மொத்தம் எத்தனை ரூபா போவும்'னு கேளுங்க. அப்போதான் ரேட், சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி எல்லாம் ஒரே நம்பருக்குள்ள வரும். கரன்சி மாத்துததுக்கு ஜிஎஸ்டி முழுத் தொகைக்கும் கிடையாது, உங்க தொகைக்கு ஏறக்குறைய 770 ரூபாதான் வரும், அதுல யாரும் கூடக் கொறைய பண்ண முடியாது. உங்க சொந்த பேங்க் பிராஞ்ச்லயும் கேளுங்க, போர்டு ரேட்டுக்கு மேல பேசவே முடியாதுன்னு நினைச்சிராதீங்க, கொஞ்சம் பெரிய தொகைன்னா பிராஞ்ச்காரங்க பேங்குக்க ட்ரெஷரி பிரிவுல கேட்டு கொறச்ச ரேட் வாங்கித் தர வழி உண்டு. வாய்விட்டுக் கேட்டவங்களுக்குத்தான் அது கிடைக்கும். நான் கவுண்டர்ல இருந்தப்போ கேட்டவங்க பத்துல ஒருத்தரு கூட இருக்க மாட்டாங்க, எனக்கு அது வருத்தமாவே இருக்கும்.

நான் பெறவு சொல்லுதேன்னு விட்ட விஷயத்துக்கு வாறேன். பவுண்ட்-ரூபா படம் ஒரு கதை இல்ல, ரெண்டு கதையைப் பெருக்கின படம். டாலருக்கு எத்தனை ரூபாங்கிறது ஒண்ணு, பவுண்டுக்கு எத்தனை டாலருங்கிறது இன்னொண்ணு, ரெண்டையும் பெருக்கினாதான் பவுண்டுக்கு எத்தனை ரூபான்னு வரும். டாலர்-ரூபா ரொம்ப ஆடாம இருக்க நம்ம ரிசர்வ் பேங்க் அப்பப்போ டாலரை வாங்கியும் வித்தும் பிடிச்சு வைக்கும். பவுண்ட்-டாலரைப் பிடிக்க அங்க யாரும் இல்ல, அது லண்டன்லயும் நியூயார்க்லயும் நடக்குத விஷயத்துக்கு ஏத்தாப்ல ஆடும். அதனால ரூபா அசையாம இருக்குத வாரத்துலயும் உங்க பவுண்ட் ஒண்ணரை ரூபா போயிரும். இதுல ஒண்ணு மட்டும் முன்கூட்டியே தெரியும், பேங்க் ஆஃப் இங்கிலாந்து வருஷத்துக்கு எட்டு தடவை வட்டி முடிவு சொல்லும், பெரும்பாலும் வியாழக்கிழமை, லண்டன் மத்தியானம் 12 மணி, நமக்கு சாயந்திரம் நாலரையோ அஞ்சரையோ. தேதி அவங்க வெப்சைட்ல இருக்கும். அந்த நாளு உங்க ரெண்டு வாரத்துக்குள்ள வந்தா ஆட்டம் நான் சொன்ன சராசரியை விட கூட இருக்கும்னு வச்சுக்குங்க, எந்தப் பக்கம்னு அப்பவும் தெரியாது.

ஒரு நடந்த விஷயம் சொல்லுதேன். 2022 செப்டம்பர் 23-ந்தேதி இங்கிலாந்து அரசாங்கம் பெரிய வரிக்குறைப்பு ஒண்ணை அறிவிச்சுது, கடன் வாங்கி வரியைக் கொறைக்கப் போறாங்கன்னு மார்க்கெட் மிரண்டு, 26-ந்தேதி டாலருக்கு எதிரா பவுண்ட் அது வரைக்கும் காணாத தாழ்வுக்குப் போச்சு. நம்ம ரூபாயில 87 பக்கம். அன்னைக்கு எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம், கருங்கல் பக்கம், மகளுக்கு 9,000 பவுண்ட் கட்ட வேண்டியது இருந்துச்சு. என்கிட்ட வந்து படத்தைக் காட்டினாங்க, நேரா கெணத்துக்குள்ள கல்லு விழுத மாதிரி கோடு. 'இன்னும் விழும், 80-க்கு வரும்'னு அந்த வீட்டு அப்பா உறுதியா சொன்னாரு. இப்போவே அனுப்புங்கன்னு நான் சொன்னேன், இன்னும் இறங்கும்னு மட்டும் எண்ணாதீங்கன்னும் சொன்னேன், ஆனா அழுத்திச் சொல்லல, எனக்கே அன்னைக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்துச்சு, இன்னும் இறங்குமோன்னு. அவங்க காத்திருந்தாங்க. அக்டோபர் கடைசியில பவுண்ட் 95. ஃபீஸ் கட்டாம தள்ளவும் முடியாது, அந்த ரேட்டுக்கே கட்டினாங்க, எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல கூடப் போச்சு. இறங்குத கோட்டைப் பாத்து காத்திருக்கேன்னு யாரு சொன்னாலும் எனக்கு அந்த மனுஷன் முகம்தான் ஞாபகம் வரும். இதை நீங்க '87-ல அனுப்பியிருந்தா லாபம்'னு படிக்காதீங்க, அதுவும் பின்னால பாத்து சொல்லுத பேச்சுதான். 26-ந்தேதி கையில இருந்த படத்துல 95-உம் இல்ல, 80-உம் இல்ல.

ரப்பர் ஷீட்னா வெல கம்மியா இருந்தா புகைப்புரையிலயே போட்டு வைக்கலாம், மாசக்கணக்குல இருந்தாலும் கெட்டுப் போவாது, வேணும்னா அடுத்த சீசன் வரைக்கும் பாக்கலாம். ஃபீஸ் அப்படி வச்சிருக்க முடியாத சரக்கு. 30-ந்தேதி கடைசின்னா உங்களுக்கு 30 கடைசி இல்ல, பணம் பேங்க் பேங்கா கைமாறிப் போய்ச் சேர ஒண்ணுல இருந்து மூணு வேலை நாள் ஆவும், பேரு, ரெஃபரன்ஸ் நம்பர் எதாவது தப்பா இருந்து நின்னு போச்சுன்னா இன்னும் ரெண்டு மூணு நாள், சனி ஞாயிறு வேற இருக்கு. அதனால உங்களுக்க கடைசி நாள் 23, மிஞ்சிப் போனா 24. அப்படிப் பாத்தா உங்களுக்கு ஆட உள்ள நாளு ரெண்டு வாரம் கூட இல்ல, பத்து நாளுக்கும் கம்மி, மிச்சம் பிடிக்க உள்ள தொகையும் அதுக்கு ஏத்தாப்ல கொறையும். தாமதமானா யுனிவர்சிட்டி போடுத அபராதமும், பையனுக்க ரிஜிஸ்ட்ரேஷனை நிறுத்தி வச்சா வர்ற தலைவேதனையும் அந்தத் தட்டுல ஏறும்.

அதனால என் அபிப்பிராயம் இது. திங்கக்கிழமை பேங்க் போர்டு வந்த பெறவு, பத்தரை பதினொண்ணு மணி வாக்குல, மூணு எடத்துல மொத்தத் தொகை கேளுங்க. எது கொறச்சலோ அங்க செவ்வாயோ புதனோ அனுப்பிருங்க. பேப்பர் எல்லாம் முன்னாடியே ரெடியா இருக்கணும், ஏ2 ஃபாரம், பான், மவனுக்க பாஸ்போர்ட் காப்பி, யுனிவர்சிட்டி ஃபீஸ் இன்வாய்ஸ், ஏன்னா நல்ல ரேட் சொன்ன அன்னைக்கு பேப்பர் இல்லாம அலைஞ்சா அந்த ரேட் அன்னைக்கு சாயந்திரத்தோட போச்சு. ரேட் எப்போ உறுதியாவும்னும் கேட்டு வச்சுக்குங்க, ஃபாரம் கொடுக்கும்போதா இல்ல அவங்க பணத்தை எடுக்கும்போதா. அது எடத்துக்கு எடம் மாறும்.

மனசு கேக்கல, கொஞ்சமாவது காத்திருந்து பாக்கணும்னு தோணுச்சுன்னா பாதி இப்போ, பாதி 23-ந்தேதின்னு பிரிக்கலாம். அப்போ ஆடுதது 3,200 பவுண்ட் மட்டும், ரெண்டு வார ஆட்டம் 3,680 ரூபாயா பாதியாவும். ஆனா ரெண்டு தடவை சர்வீஸ் சார்ஜ் வரும், நடுவுல உள்ள பேங்குக ரெண்டு தடவை கை வைக்கும், பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல அதுலயே போயிரும். உங்க தொகைக்கு நான் பிரிக்க மாட்டேன். 20,000 பவுண்ட் மாதிரி பெரிய தொகைன்னா பிரிக்கச் சொல்லியிருப்பேன். பிரிச்சா ரெண்டாவது பாதிக்கு ஒரு தேதியை இன்னைக்கே காலண்டர்ல எழுதிருங்க, அந்த தேதி வந்தா ரேட் என்னவா இருந்தாலும் அனுப்பணும், 'நாளைக்குப் பாப்போம்'னு தள்ளினா பிரிச்சதுல அர்த்தம் இல்ல.

நாள் பாக்குததுன்னா படத்துல இல்லாத ஒரு நாளை வேணும்னா பாருங்க, ஏப்ரல் 1. இந்த நிதியாண்டுல உங்க பான் வழியா வெளிநாட்டுக்குப் போன தொகை எல்லாம் சேந்து பத்து லட்சத்தைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு டிசிஎஸ்-னு வரியை முன்கூட்டியே பிடிப்பாங்க. மொதல் தவணையும் இதே நிதியாண்டுல உங்க அக்கவுண்ட்ல இருந்துதான் போச்சுன்னா இந்த ஏழரை லட்சத்தோட நீங்க தாண்ட வாய்ப்பு உண்டு. அது போன பணம் இல்ல, ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது திரும்ப வரும், ஆனா அது வரைக்கும் உங்க கையில இருக்காது. உங்க வீட்டுக்காரருக்க பான்ல இருந்து இந்தத் தவணையை அனுப்பினா அவருக்க பத்து லட்சம் தனிக் கணக்கு. அங்கீகாரம் உள்ள பேங்க் எஜுகேஷன் லோன்ல இருந்து நேரா போற தொகைக்கு 2025 ஏப்ரல்ல இருந்து இந்தப் பிடித்தமே கிடையாது. ஃபாரம் எழுதும்போதே பேங்க்ல இதைக் கேட்டுருங்க.

கடைசியா ஒண்ணு. ஃபாரம்ல வெளிநாட்டு பேங்க் சார்ஜ் யாருக்குன்னு ஒரு கட்டம் இருக்கும், `OUR`, `SHA`, `BEN` மூணு. `OUR` போடுங்க. `SHA` போட்டா நடுவுல உள்ள பேங்க் கொஞ்சம் பவுண்டை எடுத்துக்கிட்டு மிச்சம்தான் போய்ச் சேரும், யுனிவர்சிட்டி கணக்குல 6,385-னு விழுந்து 15 பவுண்ட் பாக்கின்னு காட்டும், அந்த 15 பவுண்டுக்கு பையன் அங்க ஆபீஸ் ஆபீஸா அலையணும். ரெஃபரன்ஸ் கட்டத்துல மவனுக்க ஸ்டூடன்ட் ஐடி நம்பரை அவனையே டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க, ஸ்க்ரீன்ஷாட்டா வேண்டாம், பூஜ்யமும் ஓ எழுத்தும் படத்துல ஒண்ணு போல இருக்கும்.